வண்டி வீடு வரை போய்த் திரும்பி வந்தால் யார் செலவு?

கேள்வி: "கோவையில் ஒரு பர்னிச்சர் கடையில் பில்லிங்கிலிருந்து டெலிவரி பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி வீடு வரை போய்ப் பொருளை இறக்காமல் திரும்பி வந்தால் கஸ்டமருக்கு நான்தான் போன் செய்ய வேண்டும். மறுபடி அனுப்பத் தனிக் கட்டணம் என்று சொன்னதும் சண்டைதான் வருகிறது. இதை எப்படிச் சொல்வது? கேட்கும் உரிமையாவது நமக்கு இருக்கிறதா?"

சண்டை வருவது பெரும்பாலும் கட்டணத்தால் அல்ல. என்ன நடந்தது என்று கஸ்டமரிடம் கேட்காமலே, தப்பு அவருடையது என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போன் செய்கிறோம். அதனால்தான் வருகிறது. கட்டில், பீரோ, சோபா, வாஷிங் மெஷின் மாதிரி ஆள் வைத்து இறக்கும் பொருட்களின் டெலிவரியைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நான் எழுதுவது அந்த மாதிரி கடை வண்டிகளுக்குத்தான். கூரியர் பார்சல்களுக்கு விதிமுறைகள் வேறு.

முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெளிவாகவே இருக்கிறது. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 44வது பிரிவு இதற்கானது. விற்பவர் பொருளைக் கொடுக்கத் தயாராக இருந்து, எடுத்துக்கொள்ளச் சொல்லியும், வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால், அதனால் வரும் நஷ்டத்துக்கும் பொருளைப் பாதுகாத்து வைக்கும் நியாயமான செலவுக்கும் வாங்கியவர் பொறுப்பு. ஆக, கேட்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 36வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது நியாயமான நேரத்தில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கொடுக்க முயன்றதாகவே கணக்கில் வராமல் போகலாம். காலை பதினொரு மணி என்று சொல்லிவிட்டு இரவு ஒன்பதரைக்குக் கேட்டைத் தட்டினால், அவர் கதவைத் திறக்காததற்கு அவரிடம் காசு கேட்க முடியாது. எவ்வளவு கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு தொகை இல்லை. நியாயமான அளவு என்றுதான் இருக்கிறது. அதனால் உங்கள் கணக்கு யாரிடம் காட்டினாலும் நிற்கும்படி இருக்க வேண்டும். நான் வக்கீல் இல்லை. விஷயம் நுகர்வோர் ஆணையம் வரை போனால் அதற்கு உரியவரைப் பாருங்கள்.

சட்டம் இருக்கட்டும், நடைமுறையில் எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பது டிரைவர் ஷீட்டில் எழுதும் ஒரு வரியில். "டோர் லாக்", "கஸ்டமர் வாங்க மறுப்பு", "போன் எடுக்கவில்லை" என்று மூன்று நான்கு வாக்கியங்களையே மாற்றி மாற்றி எழுதுவார்கள். இதை அப்படியே நம்பிப் போன் செய்யாதீர்கள். டிரைவர்கள் பொய் சொல்பவர்கள் என்று சொல்லவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, வண்டியில் இன்னும் நாலு வீட்டுப் பொருள் இருக்கும்போது, தெரு கிடைக்காமல் பத்து நிமிடம் சுற்றியவர் "டோர் லாக்" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது நடக்கிற காரியம். அது உண்மையா என்று பார்க்க மூன்று இடங்கள் உண்டு. அவருடைய போனில் கஸ்டமர் நம்பருக்கு அழைப்பு போயிருக்கிறதா, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை. வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றது. பூட்டிய கேட்டை எடுத்த போட்டோ இருக்கிறதா, அதில் நேரம் தெரிகிறதா. வண்டி இரண்டே நிமிடம் நின்றிருந்தால் அதை நான் டெலிவரி முயற்சியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கடையில் வைத்திருந்த வழக்கம் இது: டிரைவர் வாசலிலிருந்து இடைவெளி விட்டு இரண்டு முறை அழைக்க வேண்டும், கால் மணி நேரம் நிற்க வேண்டும், கிளம்பும் முன் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். ஆபீசிலிருந்து நாங்கள் பில்லில் இருக்கும் கடை நம்பரில் ஒரு முறை அழைப்போம். தெரியாத நம்பரை இப்போது யாரும் எடுப்பதில்லை. கடையின் நம்பர் என்றால் பலர் எடுத்துவிடுவார்கள். வண்டி வாசலில் நிற்கும்போதே செய்யும் இந்த ஒரு அழைப்பில், திரும்பி வர வேண்டிய பொருள் பல நேரம் இறங்கிவிடும்.

"மறுப்பு" என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் வந்த ஒரு சம்பவம். வடவள்ளிப் பக்கம் ஒரு புது வீடு, ஒரு கட்டிலும் பீரோவும். வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் என்று பில்லில் குறித்திருந்தோம். வண்டி 11.05க்குப் போய்விட்டது. வீட்டில் ஆள் இருக்கிறார்கள், கதவும் திறந்திருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். "பன்னெண்டுக்கு மேல இறக்குங்க தம்பி" என்று வீட்டுப் பெரியம்மா சொல்லிவிட்டார். தொண்டாமுத்தூர் ரோட்டில் இன்னும் நாலு வீடு பாக்கி. டிரைவர் கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஷீட்டில் "கஸ்டமர் வாங்க மறுப்பு" என்று எழுதிக் கிளம்பிவிட்டார். அந்த வார்த்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏறியிருந்தால் பில் கேன்சல் பக்கம் போய்விடும், பொருள் ஸ்டாக்கில் ஏறிவிடும், மறுநாள் வேறு ஒருவருக்கு விற்றும் போயிருக்கும். அந்தம்மா மறுக்கவே இல்லை. ஐம்பத்தைந்து நிமிடம் தள்ளிக் கேட்டார், அவ்வளவுதான்.

இதில் யார் தப்பு? கண்டிப்பாகச் சொன்னால், பத்து முதல் ஒன்று வரை என்று ஒத்துக்கொண்டவர்கள் அவர்கள், அந்த நேரத்துக்குள்தான் வண்டி போனது. ஆனால் நம் ஊரில் கட்டில், பீரோ விற்கும் கடை வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஒரு புது வீட்டுக்கு வண்டி அனுப்பும்போது "நேரம் பார்ப்பீங்களா?" என்று பில் போடும்போதே கேட்டிருக்க வேண்டாமா? இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்பது என் எண்ணம். அன்று ஆபீஸ் பெண் 11.40க்கே போன் செய்துவிட்டார். "அம்மா, பர்னிச்சர் கடை டெலிவரியில இருந்து பேசறேங்க. வண்டி வந்து கட்டிலை இறக்காம போயிருச்சுங்க. பொருள் வண்டியிலதான் பத்திரமா இருக்கு. அதே வண்டி சாயங்காலம் உங்க ரோட்டு வழியாத்தான் திரும்பி வருது. நாலரைக்கு மேல வந்தா எமகண்டமும் முடிஞ்சிரும். இறக்கிக்கிறீங்களா?" அவ்வளவுதான் பேச்சு. அதே வண்டி, அதே ரோடு, தனிச் செலவு இல்லை, கட்டணம் பற்றிய பேச்சும் இல்லை. நாலே முக்காலுக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும், வேறு நாள் ஆகாது என்று அவர்கள் சொல்லியிருந்தால் கதை வேறு.

அந்தப் பெண் பேசிய வரிசையைக் கவனியுங்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான். முதலில் யார் பேசுவது. அடுத்து என்ன ஆனது என்பதை யாரையும் குறை சொல்லாத வார்த்தையில்: "நீங்க வாங்கல", "நீங்க வீட்ல இல்ல" என்று இல்லாமல் "இறக்காம போயிருச்சு". மூன்றாவதாகப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டியவருக்கு முதல் பயமே அதுதான், என் பொருள் என்ன ஆயிற்று, கீறல் விழுந்திருக்குமா, வேறு வீட்டுக்குப் போய்விட்டதா என்று. அதைச் சொல்லிவிட்டால் குரல் பாதி இறங்கிவிடும். அதற்கு அப்புறம் "உங்க பக்கம் என்ன ஆச்சுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் ஷீட்டில் இருப்பதற்கு நேர்மாறாகக்கூட இருக்கும். "ஒன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்" என்பார். வண்டி போனது ஒன்று நாற்பதுக்கு என்று ஜி.பி.எஸ். சொல்லும். அங்கே கட்டணத்தை எடுத்தீர்களானால் நீங்கள் தோற்பது நிச்சயம், தோற்க வேண்டியதும்தான். மன்னிப்பு கேட்டு, அவர் சொல்லும் நாளில் முதல் வீடாகப் போட்டுக் கொடுங்கள்.

போன் எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "வணக்கம். பில் எண் இது. உங்கள் மூன்று கதவு பீரோவுடன் இன்று 12.20க்கு எங்கள் வண்டி உங்கள் வீட்டுக்கு வந்தது. கேட் பூட்டியிருந்ததால் இறக்க முடியவில்லை. 12.22க்கும் 12.31க்கும் உங்களை அழைத்தோம். பொருள் எங்கள் குடோனில் பத்திரமாக இருக்கிறது. எப்போது கொண்டுவரலாம் என்று இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், அல்லது மாலை ஐந்து மணிக்கு நாங்களே அழைக்கிறோம்." ஐந்து மணி என்று போட்டால் ஐந்து மணிக்கு அழைத்தே ஆக வேண்டும். இந்தச் செய்தியில் கட்டணம் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், ஏனென்றால் காரணம் இன்னும் முடிவாகவில்லை. பேசி முடித்த பிறகு நாள், நேரம், தொகை மூன்றையும் இரண்டாவது செய்தியில் எழுத்தில் கொடுங்கள்.

இரண்டு செய்தியிலுமே பணம் கட்டும் லிங்க் வைக்காதீர்கள். "உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, இந்த லிங்கில் சிறு தொகை கட்டுங்கள்" என்பதுதான் இன்றைக்கு மோசடிக்காரர்களின் வழக்கமான வலை. அஞ்சல் துறையின் பெயரிலேயே அப்படிப் பொய்ச் செய்திகள் சுற்றுகின்றன. நீங்கள் நிஜமான கடையாக இருந்தாலும் உங்கள் செய்தி அதே மாதிரிதான் தெரியும். உஷாரான கஸ்டமர் பிளாக் செய்துவிடுவார், உஷாரில்லாதவருக்கு நாமே கெட்ட பழக்கத்தைக் கற்றுக் கொடுத்ததாகும். பொருள் இறங்கிய பிறகு, வாசலில், ரசீது கொடுத்து வாங்குவதுதான் நல்லது.

சரி, கட்டணம் நியாயமாகவே வர வேண்டிய இடத்துக்கு வருவோம். நாளும் நேரமும் அவர் ஒத்துக்கொண்டது, வண்டி அந்த நேரத்துக்குள் போயிருக்கிறது, அழைத்ததற்கும் காத்திருந்ததற்கும் ஆதாரம் இருக்கிறது, மறுமுறை அனுப்பக் கட்டணம் உண்டு என்பது பில்லிலோ ஆர்டர் பாரத்திலோ எழுதியிருக்கிறது, பில் போடும்போது வாயாலும் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருந்தால் கேளுங்கள். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் நான் கேட்க மாட்டேன். 44வது பிரிவு நம் பக்கம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் முன்னால் சொல்லாத ஒரு தொகையைப் பிறகு கேட்டால் அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அவர் ஒரு அழைப்பு போட்டால் பதில் எழுதிக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

தொகை எப்படி வருகிறது என்று பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் வாடகையைப் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன யானை வண்டிக்கு ஒரு நாளைக்கு டீசலோடு 1,800 ரூபாய், லோடுமேன் இரண்டு பேருக்கு ஆளுக்கு 900, ஆக 3,600. ஒரு நாளில் ஆறு வீடு. ஒரு வீட்டுக்கு விழும் செலவு 600. மறுபடி போனால் இன்னொரு வீட்டின் இடத்தை இவர் பொருள் எடுத்துக்கொள்கிறது, அதனால் கேட்க வேண்டியது அந்த 600தான். சில கடைகளில் முதல் பயணத்துக்கு ஒரு 600, இரண்டாவதுக்கு ஒரு 600, குடோன் வாடகை 200 என்று அடுக்குவார்கள். முதல் பயணத்தின் செலவு ஏற்கெனவே பில்லில் இருக்கும் டெலிவரிக் கட்டணத்திலோ விலையிலோ வந்துவிட்டது. ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை வாங்கக் கூடாது. ஓரிரு நாள் பொருள் நம் குடோனில் இருப்பதற்கு வாடகை கேட்பதும் எனக்குப் பிடிக்காது, விற்காமலிருந்தால் அது அங்கேதானே இருந்திருக்கும்?

வரியை மறக்காதீர்கள். பொருளைக் கொடுப்பதற்கு முன்போ கொடுக்கும்போதோ செய்யும் வேலைக்கு விற்பவர் வாங்கும் தொகையும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15வது பிரிவுப்படி பொருளின் மதிப்போடு சேரும். மரக் கட்டிலுக்கும் இரும்பு பீரோவுக்கும் 18 சதவீதம் என்றால் இந்த 600க்கும் 18 சதவீதம், அதாவது 108 ரூபாய். மொத்தம் 708. இதை எந்த ஆவணத்தில் காட்டுவது என்பதை உங்கள் கடைக் கணக்காளரிடம் கேட்டு ஒரே முறையாக வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமரிடம் சொல்லும்போது "அறுநூறு பிளஸ் வரி" என்று சொல்லாதீர்கள், எழுநூற்று எட்டு என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். வாசலில் 108 ரூபாய் புதிதாக முளைத்தால் அங்கே லோடுமேன்தான் திட்டு வாங்குவார்.

அதைச் சொல்லும் விதத்தில் எனக்கு நன்றாக வேலை செய்தது, இரண்டு வழி கொடுப்பது. "சார், வியாழக்கிழமை உங்க ஏரியாவுக்கு எங்க வண்டி எப்படியும் வருது. அதுல உங்க பீரோவையும் போட்டுக்கிறேன், அதுக்குக் கட்டணம் கிடையாது. ஆனா நேரம் நான் சொல்ற நேரம்தான். இல்ல, நாளைக்கே வேணும்னா வேற வீட்டை எடுத்துட்டு உங்களைப் போடணும். அதுக்கு வரியோட 708 ரூபாய் ஆகும், பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கோம். எது சௌகரியம்?" வியாழக்கிழமை வண்டியில் இடம் காலியாக இருந்தால் நமக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதனால் இலவசமாகக் கொடுப்பதில் நஷ்டமும் இல்லை. பெரும்பாலானவர்கள் வியாழனைத்தான் எடுப்பார்கள். 708 கொடுப்பவர் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார், சண்டைக்கு இடமில்லை. ஒரு விஷயம்: வியாழன் வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் இப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

நம் தப்பு, கஸ்டமர் தப்பு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் சம்பவங்கள்தான் தலைவலி. அபார்ட்மென்டில் மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ பெரிய பொருள் ஏற்றக்கூடாது என்று அசோசியேஷன் விதி வைத்திருப்பார்கள், செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிடுவார். அந்த விதி வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் வாரத்துக்கு நாலு அபார்ட்மென்டுக்கு வண்டி அனுப்பும் நாம் கேட்டிருக்க வேண்டும் என்பதும் சரி. சோபா மாடிப்படித் திருப்பத்தில் நுழையவில்லை என்பதும் இதே வகை. படியின் அகலத்தை யார் அளந்தது, அளக்கச் சொல்லி யார் சொன்னது? இவற்றில் நான் பாதித் தொகை என்று வைத்துக்கொள்வேன். இது சட்டம் சொல்வதல்ல, நான் சரியென்று பார்த்த அளவு. உங்கள் முதலாளி வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு இன்னொரு மாதிரி என்று இல்லாமல் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், பூட்டிய வீட்டுப் பொருளைப் பக்கத்து வீட்டிலோ வாட்ச்மேனிடமோ இறக்கிவிட்டு வருவது கஸ்டமர் எழுத்தில் சரி என்று சொன்னால் ஒழிய வேண்டாம். கீறல் ஒன்று இருந்தால் அது எப்போது விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எவ்வளவு சொல்லியும் "ஒரு பைசா தரமாட்டேன்" என்பவர் இருப்பார். அவர் பொருளுக்கு முழு விலையும் கட்டியிருந்தால், 708 ரூபாய்க்காகப் பீரோவைக் குடோனில் பிடித்து வைக்காதீர்கள். விலை பாக்கி இருந்தால் பொருளைத் தராமல் வைத்திருக்கும் உரிமை விற்பவருக்கு உண்டு. மறு டெலிவரிச் செலவுக்காக அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது, அந்தச் செலவை வேறு வழியில்தான் கேட்க வேண்டும். நடைமுறையில் யாரும் 708க்காக நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். வியாழக்கிழமை வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டு, தொகையை மேலாளர் கையெழுத்தோடு தள்ளுபடி என்று எழுதிவிடுங்கள்.

இரண்டாவது முறையும் அவர் காரணமாகவே திரும்பினால் போனோடு நிறுத்தாமல் எழுத்தில் போக வேண்டும். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எந்தெந்த அழைப்பு, இப்போது பொருள் எங்கே என்று எழுதி, இத்தனை நாளுக்குள் நாள் குறிக்கவும், அல்லது ஆள் வைத்துக் குடோனிலிருந்து எடுத்துக்கொள்ளவும், வேண்டாம் என்றால் ரத்து செய்து பணம் திரும்ப வாங்கிக்கொள்ளவும் என்று மூன்று வழியும் கொடுங்கள். எங்கள் கடையில் பதினைந்து நாள் கொடுத்தோம். பாதுகாப்புச் செலவு பற்றி 44வது பிரிவு சொல்வது அந்தக் கெடு தாண்டிய பிறகுதான் எனக்கு உதவியாகத் தெரிந்திருக்கிறது. அப்போதும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை அந்தக் கடிதத்திலேயே முன்கூட்டிப் போட்டிருக்க வேண்டும்.